288, 275, மறுபடியும் 288: ஒடிசா ரயில் விபத்தில் பலி எண்ணிக்கை ஏன் ஏறி இறங்கியது?

2023 ஜூன் 2, வெள்ளிக்கிழமை. மாலை 7 மணி வாக்கில் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் ரயில் தடம் புரண்டதாக முதல் தகவல் வந்தது. ஷாலிமரிலிருந்து சென்னை வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் என்றதும் தமிழ்நாட்டிலும் பதற்றம் தொற்றிக்கொண்டது. வேலைக்கு, வைத்தியத்துக்கு, படிப்புக்கு என்று சென்னை வருகிறவர்கள் நிறைய பேர் ஏறும் வண்டி அது.

அன்றிரவு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். முதலில் 50 பேர் பலி என்றார்கள். கொஞ்ச நேரத்தில் 120. நள்ளிரவுக்குப் பிறகு 207. விடியும் முன் 233. சனிக்கிழமை காலையில் 238, பிறகு 261, அன்றைக்குள்ளேயே 288. ஞாயிற்றுக்கிழமை திடீரென்று 275 ஆகக் குறைந்தது. செவ்வாய்க்கிழமை மீண்டும் 288.

எண்ணிக்கை கூடுவது மக்களுக்குப் புரிகிறது. ஆனால் குறைந்ததும் சந்தேகம் வந்துவிட்டது. "மறைக்கிறாங்களா?" என்று கேட்காதவர்கள் குறைவு. அந்த ஐந்து நாட்களில் என்ன நடந்தது, யார் எதை எண்ணினார்கள் என்று பார்ப்போம்.

முதல் இரவு: யார் எண்ணுகிறார்கள்?

பஹாநகா பஜார் சிறிய ஸ்டேஷன். பெரிய மருத்துவமனை எதுவும் பக்கத்தில் கிடையாது. சத்தம் கேட்டு ஓடிவந்த ஊர்க்காரர்கள்தான் முதல் மீட்புக் குழு. தேசியப் பேரிடர் மீட்புப் படையும் ஒடிசா மாநில மீட்புப் படையும் கேஸ் கட்டரோடு பெட்டிகளை அறுக்கத் தொடங்கும் முன்பே, கையில் கிடைத்த வண்டிகளில் காயமடைந்தவர்கள் பல திசைகளில் போய்விட்டார்கள். சோரோ, பாலசோர், பத்ரக், கட்டாக் என்று யார் எங்கே சேர்க்கப்பட்டார்கள் என்ற பட்டியல் அந்த நேரத்தில் யாரிடமும் இல்லை.

அந்த இரவில் எண்ணிக்கையைச் சொன்னவர் பெரும்பாலும் ஒடிசா தலைமைச் செயலாளர் பிரதீப் ஜெனா. ட்விட்டரில் அவர் போட்ட பதிவுகளைத்தான் எல்லாச் சேனல்களும் எடுத்துக்கொண்டன. அவர் தரும் எண் மாவட்ட நிர்வாகத்திடமிருந்து வருவது. தென்கிழக்கு ரயில்வே தனியாக இன்னொரு எண்ணைச் சொல்லும். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் எடுத்த கணக்கு அல்ல.

முதல் இரவில் "50 பேர் பலி" என்றால், அதுவரை வெளியே எடுக்கப்பட்டு இறந்ததாக உறுதி செய்யப்பட்டவர்கள் 50 பேர் என்றுதான் பொருள். நசுங்கிய பெட்டிக்குள் இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். அதனால் முதல் எண் ஏறக்குறைய எப்போதுமே குறைவாகத்தான் இருக்கும்.

அதே இரவில் கோரமண்டலில் பயணித்து உயிர் தப்பிய ஒருவர், 200 முதல் 250 பேர் வரை இறந்திருப்பதைத் தன் கண்ணால் பார்த்ததாக ட்விட்டரில் எழுதினார். அரசு சொன்ன எண்ணிக்கை அப்போது அதைவிட மிகக் குறைவு. பலர் அவரை நம்பவில்லை. விடிந்தபோது அவர் சொன்னதற்குப் பக்கத்தில் வந்து நின்றது அரசின் எண்.

அப்படியானால் உயிர் தப்பியவர்கள் சொல்வதையே செய்தியாகப் போட்டுவிடலாமா? முடியாது. இருட்டில், காயத்தோடு, அதிர்ச்சியில் இருப்பவர் உட்கார்ந்து எண்ணியிருக்க வாய்ப்பில்லை. அவர் சொன்னது மதிப்பீடு. ஆனால் அந்த மதிப்பீட்டிலிருந்து ஒன்று தெரிந்தது: அரசு சொல்லும் எண்ணுக்கும் தரையில் இருக்கும் நிலைக்கும் பெரிய இடைவெளி இருக்கிறது. "பலி எண்ணிக்கை மேலும் உயரக்கூடும்" என்று டிக்கரில் வழக்கமாக ஓடும் வரி, அன்று வெறும் சம்பிரதாயமாக இருக்கவில்லை.

எந்த ரயில் எதன் மேல் மோதியது?

எண்ணிக்கை மட்டுமல்ல, சம்பவமே முதல் இரவில் மாறி மாறித்தான் சொல்லப்பட்டது. ரயில்வே தரப்பின் தொடக்க விளக்கம் இப்படி இருந்தது: கோரமண்டலின் 10, 12 பெட்டிகள் தடம் புரண்டு பக்கத்துத் தண்டவாளத்தில் விழுந்தன, சற்று நேரம் கழித்து எதிரே வந்த ரயில் அவற்றின் மேல் மோதியது. இந்த விளக்கத்தில் சரக்கு ரயிலே இல்லை. பிறகு "மூன்று ரயில்கள் மோதல்" என்று செய்தி மாறியது. சரக்கு ரயிலும் தடம் புரண்டதாகச் சிலர் சொன்னார்கள்.

ஜூன் 4 அன்று ரயில்வே வாரிய உறுப்பினர் ஜெயா வர்மா சின்ஹா பத்திரிகையாளர்களிடம் பேசியபோதுதான் வரிசை தெளிவானது. கோரமண்டலுக்கு மெயின் லைனில் நேராகப் போக பச்சை சிக்னல் கிடைத்திருந்தது. வேகம் மணிக்கு சுமார் 128 கிலோமீட்டர். ஆனால் வண்டி மெயின் லைனில் போகாமல் பக்கத்து லூப் லைனுக்குள் நுழைந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. சரக்கு ரயிலில் இருந்தது இரும்புத் தாது. அவ்வளவு எடை, அசையவில்லை. மோதலின் மொத்தச் சக்தியும் கோரமண்டல் மேலேயே திரும்பியது. சிதறிய பெட்டிகளில் சில, அதே நேரத்தில் எதிர்த்தடத்தில் சுமார் 126 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருந்த பெங்களூரு - ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளில் மோதின.

முதல் இரவில் சொன்னதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. முதல் விளக்கப்படி பார்த்தால், இரண்டாவது ரயிலை நிறுத்த ஏன் நேரம் கிடைக்கவில்லை என்ற கேள்வி எழும். இரண்டாவது விளக்கப்படி அந்தக் கேள்விக்கே இடமில்லை. கேட்க வேண்டியது, பச்சை சிக்னல் இருந்தும் வண்டி எப்படி லூப் லைனுக்குப் போனது என்பதைத்தான்.

பயணிகள் சொன்னதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய சத்தம், குலுங்கல், பெட்டி சாய்ந்தது, மேல் பெர்த்தில் இருந்தவர்கள் கீழே விழுந்தார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் எஸ்-3 பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு முன்னால் நின்ற சரக்கு ரயில் தெரிய வாய்ப்பில்லை. உள்ளே என்ன நடந்தது, உதவி எப்போது வந்தது, எந்தப் பெட்டி எப்படிக் கிடந்தது என்பதற்கு அவர்தான் சிறந்த சாட்சி. காரணத்துக்கு அவர் சாட்சி அல்ல. அன்று பல பேட்டிகளில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "என்ன காரணம்னு நினைக்கிறீங்க?" என்று கட்டுப் போட்டிருந்தவரிடம் மைக்கை நீட்டினார்கள்.

சார்ட்டில் பெயர் இல்லாதவர்கள்

விமான விபத்து என்றால் பயணிகள் பட்டியல் கையில் இருக்கும். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள், கழித்துப் பார்த்தால் மீதி தெரிந்துவிடும். ரயிலில் அது நடக்காது.

கோரமண்டலில் முன்பதிவு செய்தவர்கள் 1,257 பேர், பெங்களூரு - ஹவுரா ரயிலில் 1,039 பேர் என்று ரயில்வே சொன்னது. முன்பதிவில்லாப் பெட்டிகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு எந்தப் பட்டியலும் இல்லை. அந்த டிக்கெட்டில் பெயர் இருக்காது. கோரமண்டலின் ஜெனரல் பெட்டிகள் இன்ஜினை ஒட்டி முன்னால் இருந்தன. இன்னொரு ரயிலில் அடிபட்டது பின்னால் இருந்த ஜெனரல் பெட்டிகள். அதாவது, யார் இருந்தார்கள் என்று தெரியாத பெட்டிகள்தான் அதிகமாக நசுங்கின.

அந்தப் பெட்டிகளில் இருந்தவர்களில் பலர் மேற்கு வங்கம், பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து தெற்கே கூலி வேலைக்கு வருகிறவர்கள், வேலை முடிந்து ஊர் திரும்புகிறவர்கள். ஒருவர் வீட்டுக்கு வராவிட்டால்தான் அவர் அந்த ரயிலில் இருந்தார் என்பதே வெளியே தெரியும்.

தமிழ்நாட்டின் அனுபவத்தை இதோடு ஒப்பிடலாம். முன்பதிவுப் பட்டியலை வைத்து இங்கே அதிகாரிகள் ஒவ்வொரு எண்ணாக அழைத்தார்கள். அமைச்சர்கள் உதயநிதி ஸ்டாலினும் சிவசங்கரும் ஒடிசா போனார்கள். மருத்துவமனைகளிலோ பிணவறையிலோ தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் யாரும் இல்லை என்று அங்கிருந்து தெரிவித்தார்கள். தொடர்புகொள்ள முடியாமல் இருந்த சிலரைத் தேடி உறுதி செய்யும் வேலை அதற்குப் பிறகும் நடந்தது. பட்டியல் இருந்ததால் தேடவாவது முடிந்தது. ஜெனரல் பெட்டியில் வந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

288 எப்படி 275 ஆனது?

சனிக்கிழமை பிற்பகலில் மீட்புப் பணி முடிந்ததாக ரயில்வே அறிவித்துவிட்டது. பெட்டிகளுக்குள் இனி யாரும் இல்லை, அடுத்தது தண்டவாளத்தைச் சீர்செய்வது என்றார்கள். இந்த அறிவிப்பைக் கவனித்திருந்தால் பின்னால் வந்த குழப்பம் பாதி குறைந்திருக்கும். அதன் பிறகு எண் மாறினால் இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும்: ஒன்று, மருத்துவமனையில் யாராவது இறந்திருக்க வேண்டும். இல்லையென்றால், ஏற்கெனவே போட்ட கணக்கைத் திருத்தியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இரண்டாவது. சில உடல்கள் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டன, மாவட்ட ஆட்சியர் சரிபார்த்ததில் 275 என்று தெரிகிறது என்றார் ஜெனா.

ஒரு உடல் எப்படி இரண்டு முறை எண்ணப்படும்? அந்த உடல்கள் போன பாதையைப் பார்த்தால் புரியும். தண்டவாளத்திலிருந்து எடுத்த உடல்களை முதலில் பக்கத்தில் இருந்த பஹாநகா உயர்நிலைப் பள்ளியில் கிடத்தினார்கள். வகுப்பறைகளே பிணவறையாயின. அங்கிருந்து பாலசோரில் ஒரு தொழில் வளாகத்துக்கு. கடுமையான வெயில் காலம், குளிர்சாதன வசதி போதாது. அதனால் அடையாளம் தெரியாத உடல்கள் புவனேஸ்வர் எய்ம்ஸ் உள்ளிட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டன. நேரடியாக மருத்துவமனை போய் அங்கே இறந்தவர்கள் தனி. ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் நோட்டில் எழுதுவார். பெயர் தெரிந்தால் ஒரே ஆள் இரண்டு பட்டியலில் இருப்பது உடனே பிடிபடும். பெயர் தெரியாத உடலுக்கு எண் மட்டும்தான். இடம் மாறும்போது அது புதிய வரவாகப் பதிவாகிவிடலாம்.

அந்தப் பள்ளியில் நடந்த ஒரு சம்பவம் அன்றே பல ஊடகங்களில் வந்தது. மகனைத் தேடி ஹவுராவிலிருந்து ஆம்புலன்ஸ் எடுத்துக்கொண்டு வந்த தந்தை, மருத்துவமனைகளில் அவரைக் காணாமல் கடைசியில் பள்ளிக்கு வந்தார். கிடத்தப்பட்டிருந்த உடல்களுக்கு நடுவே ஒரு கை லேசாக அசைந்தது. அது அவருடைய மகனின் கை. பிழைத்துக்கொண்டார். யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்பதையே நிதானமாகப் பார்க்க முடியாத இரவு அது. அங்கிருந்து வரும் எண் துல்லியமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது கஷ்டம்.

ஆனால் இந்த விளக்கம் எல்லோரையும் சமாதானப்படுத்தவில்லை. மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜி அதே ஞாயிற்றுக்கிழமை ஒரு கேள்வி கேட்டார். எங்கள் மாநிலத்தில் மட்டும் 61 பேர் இறந்திருக்கிறார்கள், 182 பேரைக் காணவில்லை. அப்படியிருக்க மொத்தக் கணக்கு எப்படிச் சரியாகும் என்றார். எதையும் மறைக்கவில்லை, மீட்புப் பணி முழுவதும் கேமராக்கள் முன்னால்தான் நடந்தது என்று ஒடிசா அரசு பதில் சொன்னது.

மம்தாவின் கேள்வியை அரசியல் என்று மட்டும் ஒதுக்க முடியாது. ஆனால் 'காணவில்லை' என்ற பட்டியலும் 'இறந்தவர்கள்' என்ற பட்டியலும் வேறு வேறு. காணாதவர் அடையாளம் தெரியாத உடல்களில் ஒருவராக ஏற்கெனவே மொத்தக் கணக்கில் இருக்கலாம். சுயநினைவில்லாமல் ஏதோ ஒரு மருத்துவமனைக் கட்டிலில் இருக்கலாம். போன் உடைந்து, வீட்டுக்குத் தகவல் சொல்ல முடியாமல் வேறு வண்டியில் வந்துகொண்டும் இருக்கலாம். இரண்டு பட்டியலையும் கூட்டினால் ஒரே ஆள் இருமுறை வருவார்.

மறுபடியும் 288

ஜூன் 6 அன்று ஜெனா மீண்டும் பேசினார். இந்த முறை எண்ணோடு கணக்கும் தந்தார். பாலசோரிலிருந்து புவனேஸ்வருக்கு அனுப்பிய உடல்கள் 193. பாலசோரிலேயே குடும்பத்தினரிடம் ஒப்படைத்தவை 94. பத்ரக்கில் ஒன்று. கூட்டிப் பாருங்கள், 288.

என்னைக் கேட்டால், அந்த ஐந்து நாளில் வந்த எண்களிலேயே கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல் நாமே சரிபார்க்கக் கூடியதாக இருந்தது இது ஒன்றுதான். சனிக்கிழமை வந்த 288-உம் செவ்வாய்க்கிழமை வந்த 288-உம் பார்க்க ஒன்றுதான். ஆனால் முதலாவது, பல இடங்களிலிருந்து வந்த தகவலை அவசரமாகக் கூட்டியது. இரண்டாவது, ஒவ்வொரு உடலும் எங்கே போனது என்று வைத்து எடுத்தது. செய்தியில் இந்த வித்தியாசம் பெரிதாக வரவே இல்லை. "மீண்டும் உயர்ந்தது பலி எண்ணிக்கை" என்று ஒரு வரியில் முடிந்துபோனது.

288-க்குப் பிறகு வந்த ஏற்றம் வேறு வகை. சிகிச்சையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். ஜூலையில் நாடாளுமன்றத்தில் ரயில்வே அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் தந்த பதிலில் உயிரிழந்தவர்கள் 295 பேர் என்று இருந்தது. முதல் சில நாள் தாண்டியதும் பெரும்பாலான சேனல்கள் இந்தச் செய்தியை விட்டுவிட்டதால், இன்றும் பலர் மனதில் 275 அல்லது 288தான் இருக்கிறது.

காயமடைந்தவர்கள் எண்ணிக்கையிலும் இதே கதைதான், ஆனால் யாரும் கவனிக்கவில்லை. ஜூன் 4 அன்று ஒடிசா அரசு சொன்னது 1,175 பேர். அதில் 793 பேர் வீடு திரும்பிவிட்டார்கள், 382 பேர் சிகிச்சையில். நாடாளுமன்றப் பதிலில் பலத்த காயம் 176, லேசான காயம் 451, முதலுதவி பெற்றுப் போனவர்கள் 180. மொத்தம் 807. மாநில அரசு சொன்னது மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு. ரயில்வே தந்தது காயத்தை வகை பிரித்த கணக்கு. பலத்த காயமா லேசான காயமா என்பது வெறும் வார்த்தையும் அல்ல. ரயில்வே அறிவித்த நிவாரணம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், பலத்த காயத்துக்கு 2 லட்சம், லேசான காயத்துக்கு 50,000 ரூபாய்.

நடுவில் புகுந்த புரளி

எண் நிலையில்லாமல் இருக்கும்போது வதந்தி வேகமாக ஓடும். விபத்து நடந்த இடத்தின் மேலிருந்து எடுத்த படத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வெள்ளை நிறக் கட்டடம் ஒன்று தெரிந்தது. அதை மசூதி என்று சொல்லி, வெள்ளிக்கிழமை என்பதையும் சேர்த்து, சதி என்று பரப்பினார்கள். அது இஸ்கான் கோயில். விபத்துக்கு மதச்சாயம் பூசினால் நடவடிக்கை எடுப்போம் என்று ஒடிசா போலீஸ் ஜூன் 4 அன்று எச்சரிக்க வேண்டியிருந்தது.

உண்மையான காரணம் சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமானது. சிக்னல் சர்க்யூட்டில் முன்பு செய்த மாற்றத்தில் தவறு இருந்தது. அதன் பிறகு லெவல் கிராசிங் கேட் எண் 94-இல் மின்தடுப்பை மாற்றும் வேலை நடந்தபோது அதோடு தொடர்புடைய சிக்னல் வேலையிலும் பிழை நேர்ந்தது. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில் கண்டதாக அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னது இதுதான். தண்டவாளம் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தபோதும் சிக்னல் மெயின் லைனுக்குப் பச்சை காட்டியது. சிபிஐ ஜூலை 7 அன்று ரயில்வே ஊழியர்கள் மூவரைக் கைது செய்தது.

அந்த 28 பேர்

புவனேஸ்வர் எய்ம்ஸுக்கு வந்த உடல்கள் 162. முதல் கட்டத்தில் உறவினர்கள் அடையாளம் காட்டி 81 உடல்களை வாங்கிக்கொண்டார்கள். மீதி இருந்தவற்றில் சில, முகத்தை வைத்துச் சொல்ல முடியாத நிலையில் இருந்தன. ஒரே உடலை இரண்டு குடும்பங்கள் கேட்டதும் நடந்தது. அரசு படங்களை இணையத்தில் போட்டது. டிஎன்ஏ மாதிரிகள் டெல்லிக்குப் போயின. முடிவு வர வர இன்னும் 53 உடல்கள் ஒப்படைக்கப்பட்டன.

மிச்சம் 28. நான்கு மாதம் குளிரூட்டியில் காத்திருந்தும் யாரும் வரவில்லை. 2023 அக்டோபரில் புவனேஸ்வர் மாநகராட்சி அவற்றைத் தகனம் செய்தது. சில சிதைகளுக்குத் தீ வைத்தது உறவினர் அல்ல, தன்னார்வலராக வந்த பெண்கள்.

மொத்தக் கணக்கில் அந்த 28 பேரும் முதலிலிருந்தே இருக்கிறார்கள். பெயர்தான் இல்லை. எந்த ஸ்டேஷனில் ஏறினார்கள், எங்கே இறங்க இருந்தார்கள் என்று எந்த சார்ட்டிலும் எழுதியிருக்கவில்லை.